ஜப்பானியப் பெயரைப் பதிவு செய்ய: கான்ஜியா, கானாவா?

ஜப்பானியப் பெயரில் குடும்பப் பெயர் முன்னும் இடுபெயர் பின்னும் வரும். அவ்வரிசையைக் காப்பது எளிது. அதைச் சீனத்திலிருந்து வந்த பொருளெழுத்தான கான்ஜியில் குறிப்பதா, ஒலியெழுத்தான கானாவில் குறிப்பதா என்பதில்தான் பலரும் தயங்குகிறார்கள்.

உச்சரிப்பு: கான்ஜி உறுதி தராது. 'நடு', 'தீவு' என்னும் இரு எழுத்துகளாலான குடும்பப் பெயரைச் சிலர் நகாஜிமா என்பர், சிலர் நகாஷிமா என்பர். 'வளம்', 'குழந்தை' என்னும் எழுத்துகளாலான பெண்பெயர் யூகோவாகவும் இருக்கலாம், ஹிரோகோவாகவும் இருக்கலாம். சீனத்திலிருந்து வந்த எழுத்தோடு அதன் சீன ஒலியும் வந்தது, அதே எழுத்துக்கு உள்நாட்டுச் சொல்லின் ஒலியும் பொருத்தப்பட்டது என்பதே இப்பெண்பெயரின் இரு ஒலிகளுக்குக் காரணம். அதில் 'யூ' சீன வழி, 'ஹிரோ' ஜப்பானிய வழி. எனவே இவ்விரு எழுத்துத் தொடர்களும் சேர்ந்த ஒரே முழுப்பெயரை நான்கு விதமாகப் படிக்கலாம். எது சரி என்பதை அப்பெயருக்கு உரியவரே சொல்ல வேண்டும்.
கானா ஒலியெழுத்து என்பதால் இந்த ஐயம் எழாது.

அடையாளம்: கானாவில் யூகோ என்று மட்டும் எழுதினால், வெவ்வேறு கான்ஜிகளில் எழுதும் பல யூகோக்கள் ஒன்றாகிவிடுவார்கள்.
கான்ஜி அவர்களைப் பிரித்துக் காட்டும்.

ஜப்பானின் குடும்பப் பதிவேட்டிலேயே பெயரின் ஒலியைக் கானாவில் குறிக்கும் முறை 2025 மே 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

அழைக்கவும் அகரவரிசைப்படுத்தவும் கானா போதும். ஆவணத்தில் ஆளை அடையாளம் காண, கான்ஜியின் மேல் கானாவையும் சேர்த்து எழுதுவதே என் பரிந்துரை. தமிழில் எழுதுவோர் கானாவைப் பார்த்தே ஒலிபெயர்க்க வேண்டும்.