வெள்ளிக்கிழமை கெடு, வராத ஆஃபர்: ரெக்ரூட்டரை எந்த வழியில் நெருக்குவது?

சென்னையில் வேலை பார்க்கும் ஒரு மென்பொருள் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். சோழிங்கநல்லூரில் உள்ள ஒரு கம்பெனி திங்கட்கிழமை ஆஃபர் லெட்டர் அனுப்பிவிட்டது. வெள்ளி மாலை 6 மணிக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் மனம் இருப்பதோ பெருங்குடிக் கம்பெனியில். அங்கே எல்லா ரவுண்டும் முடிந்து, போன வியாழனே ஹெச்.ஆர். சம்பளம் பேசிவிட்டார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கேட்டால் "அப்ரூவல்ல இருக்கு" என்ற ஒரே பதில்.

இந்த நான்கு நாளில் அவர் செய்யக்கூடியவை பல: மெயில், போன், வாட்ஸ்அப், மேனேஜரை நேரடியாகப் பிடிப்பது, சோழிங்கநல்லூரில் அவகாசம் கேட்பது, அங்கே "சரி" சொல்லிவிட்டு இங்கே காத்திருப்பது. எது எப்போது வேலை செய்யும் என்பது, பெருங்குடியில் விஷயம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

முதலில், எங்கே சிக்கியிருக்கிறது?

"அப்ரூவல்ல இருக்கு" என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சம்பளத்துக்கு யாரோ ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். இன்னொன்று, இன்னும் ஓரிருவரை இன்டர்வியூ செய்துகொண்டிருக்கிறார்கள். நீங்கள் இரண்டாவது இடத்தில் இருக்கிறீர்கள். ரெக்ரூட்டர் இரண்டையும் ஒரே வார்த்தையில்தான் சொல்வார்.

பிரித்துப் பார்க்க எளிய வழி ஆவணங்கள்தான். கடைசி மூன்று மாத பே ஸ்லிப், ஃபார்ம் 16, தற்போதைய வேலையின் அப்பாயின்ட்மென்ட் லெட்டர் இவற்றையெல்லாம் கேட்டு வாங்கியிருந்தால், பெரும்பாலும் சம்பள வேலை தொடங்கிவிட்டது. எதுவுமே கேட்கவில்லை என்றால் உங்கள் பெயர் இன்னும் முடிவாகாமல் இருக்க வாய்ப்பு அதிகம். முதல் நிலையில் நினைவூட்டல் வேகத்தைக் கூட்டும். இரண்டாம் நிலையில் அது முடிவையே வரவழைக்கும். அந்த முடிவு "இல்லை" என்றும் இருக்கலாம். கெடு தலைக்கு மேல் நிற்கும்போது அந்த "இல்லை"யும் பயனுள்ள பதில்தான்.

மெயிலா, போனா?

பலர் இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டின் வேலையும் வேறு.

ரெக்ரூட்டருக்குச் சம்பளத்தை ஒப்புக்கொள்ளும் அதிகாரம் பொதுவாகக் கிடையாது. அவர் தன் லீடிடமோ, சம்பளம் நிர்ணயிக்கும் குழுவிடமோ, அந்தப் பிரிவின் தலைவரிடமோ போய் "இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்க வேண்டியவர். அப்படிக் கேட்க அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். உங்கள் மெயில்தான் அது. தேதியும் மணியும் போட்ட ஒரு மெயிலை அப்படியே மேலே அனுப்பிவிடலாம். போனில் சொன்னதை அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், சொல்லாமலும் விடலாம்.

போனின் பலம் தகவல் வாங்குவதில். எழுத்தில் ஒருபோதும் வராத "உண்மையைச் சொன்னா, ஃபைனான்ஸ்ல நிக்குது" போன்ற பதில் போனில்தான் வரும். ஆகவே வரிசை இது: காலையில் மெயில், ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் போன். முதலில் போன் செய்தால் "சரி, ஒரு மெயில் போட்டுடுங்க" என்று சொல்லி அரை நாளைத் தின்றுவிடுவார்கள்.

மெயிலை ஆங்கிலத்தில்தான் அனுப்பப் போகிறீர்கள் என்றாலும், உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

"சென்ற வியாழன் நாம் பேசியதன் தொடர்ச்சியாக எழுதுகிறேன். எனக்கு இன்னொரு ஆஃபர் வந்திருக்கிறது; அதற்கு வெள்ளி மாலை 6 மணிக்குள் பதில் தர வேண்டும். உங்கள் டீமில் சேரத்தான் எனக்கு விருப்பம். நாம் பேசிய சம்பளத்திலேயே ஆஃபர் வியாழன் இரவுக்குள் வந்தால் ஏற்றுக்கொள்கிறேன். எந்த ஒப்புதல் பாக்கி இருக்கிறது, எப்போது முடியும் என்று சொல்ல முடியுமா?"

இதில் இல்லாத இரண்டு விஷயங்கள் முக்கியம். போட்டிக் கம்பெனியின் பெயர் இல்லை. அதன் சம்பளமும் இல்லை. தொகையை எழுதிவிட்டால், ஏற்கெனவே மேலே போன ஃபைல் பேரமாக மாறி, புதுத் தொகைக்குப் புதிய ஒப்புதல் என்று முதலிலிருந்து தொடங்கும். நேரம் வேண்டுமா, கூடுதல் பணம் வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நான்கு நாளில் இரண்டும் கிடைப்பது அபூர்வம். "நாம் பேசிய சம்பளத்திலேயே" என்ற சொற்கள் அங்கே இருப்பது அதற்காகத்தான். அதே சமயம், அந்தத் தொகைக்கு உண்மையிலேயே சேரத் தயார் என்றால் மட்டும் எழுதுங்கள்.

போனில் கேட்க வேண்டியதும் கொஞ்சம்தான்: "மேடம், மெயில் பார்த்தீங்களா? இப்ப யார்கிட்ட அப்ரூவல் நிக்குது? அவங்க இந்த வாரம் ஆபீஸ்ல இருக்காங்களா?" கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். ஒப்புதல் தர வேண்டியவர் லீவில் இருப்பதுதான் பல தாமதங்களுக்குக் காரணம். அது தெரிந்தால், அவருக்குப் பதிலாக வேறு யாராவது கையெழுத்துப் போட முடியுமா என்று ரெக்ரூட்டரே யோசிக்கத் தொடங்குவார்.

சிலர் போட்டி ஆஃபர் லெட்டரையே காட்டச் சொல்வார்கள். தேதியும் கெடுவும் தெரியும் பகுதியைக் காட்டினால் போதும்; கம்பெனி பெயரையும் தொகையையும் மறைத்துவிடலாம். பல லெட்டர்களில் ரகசியம் காக்க வேண்டும் என்ற வரி இருக்கும், அதைச் சொல்லியே மறுக்கலாம். இல்லாத கெடுவை மட்டும் இருப்பதாகச் சொல்லக் கூடாது. காட்டு என்றால் மாட்டிக்கொள்வீர்கள். கெடு தாண்டியும் காத்திருந்தால் அடுத்த தடவை சொல்லும் தேதியை யாரும் மதிக்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப் இந்த இரண்டுக்கும் துணை, அவ்வளவுதான். ரெக்ரூட்டர் முன்பே உங்களோடு அதில் பேசியிருந்தால் "மெயில் அனுப்பியிருக்கேன், 12 மணிக்குக் கூப்பிடலாமா?" என்று ஒரு வரி போடலாம். கெடு விவரத்தை அதில் மட்டும் சொன்னால் அது அவர் போனிலேயே தங்கிவிடும்.

மேனேஜரை நேரடியாகப் பிடிக்கலாமா?

ஆள் தேவை மேனேஜருக்குத்தான், அதனால் அவசரமும் அவருக்குத்தான். சம்பளக் குழுவை அவரால் அசைக்க முடியும். ஆனால் இந்தச் சீட்டை ஒருமுறைதான் போட முடியும். ரெக்ரூட்டரைத் தாண்டிப் போனது அவருக்குத் தெரியாமல் இருக்காது, சேரும் நாள் வரை உங்கள் ஃபைல் அவர் கையில்தான்.

மெயிலும் போனும் போய் ஒரு முழு வேலைநாள் பதில் இல்லை என்றால் மட்டும் இந்த வழி. மேனேஜருக்கு எழுதும்போது ரெக்ரூட்டரையும் சி.சி.யில் வையுங்கள், புகார் தொனி வேண்டாம். "உங்கள் டீமில் சேர விரும்புகிறேன், வெள்ளி மாலை இன்னொரு இடத்துக்குப் பதில் தர வேண்டியிருப்பதால் உங்களுக்கும் தெரியப்படுத்துகிறேன்" என்ற அளவு போதும். சம்பளத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விடக் கூடாது.

கன்சல்டன்சி மூலம் போயிருந்தால் கதை வேறு. நீங்கள் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் கமிஷன் என்பதால் விடாமல் துரத்துவார்கள். அதே காரணத்தால் "கட்டாயம் வந்துடும், அதை விட்டுடுங்க" என்றும் சொல்வார்கள். துரத்தும் வேலையை அவர்களிடம் கொடுங்கள், உறுதிமொழியை மட்டும் நம்பாதீர்கள்.

மறுபக்கம்: சோழிங்கநல்லூரில் அவகாசம் கேட்பது

என் கணக்கில், அதிகம் பலன் தருவதும் ஆட்கள் குறைவாகப் பயன்படுத்துவதும் இந்த வழிதான். பெருங்குடியை எவ்வளவு நெருக்கினாலும் அங்கே ஒப்புதல் தருபவர் அமெரிக்காவில் இருந்தால் ஒரு வரம்பு உண்டு. கோடையில் கலிபோர்னியா நமக்கு 12½ மணி நேரம் பின்னால். நம் வெள்ளி மாலை 6 மணி அங்கே விடியற்காலை 5:30. அங்கே வியாழன் மாலை 5 மணி என்பது நமக்கு வெள்ளி காலை 5:30. ஆக, வெள்ளி மாலைக் கெடு என்றாலும் அங்கே கையெழுத்து விழக்கூடிய கடைசி வேலைநாள் வியாழன்தான். மெயிலில் "வியாழன் இரவு" என்று எழுதியதும் அதனால்தான்.

இப்போது கெடுவை வெள்ளியிலிருந்து திங்கள் மாலைக்குத் தள்ளினால், சோழிங்கநல்லூருக்கு ஒரே ஒரு வேலைநாள்தான் போகிறது. உங்களுக்கோ அமெரிக்க வெள்ளிக்கிழமை முழுதாகக் கிடைக்கிறது. ஒரு வாரம் கேட்டால் மறுப்பவர்கள், ஒரு வேலைநாள் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

கேட்கும் நாள் முக்கியம். புதன்கிழமை கேட்டால் யோசிக்கும் ஆள். வெள்ளி மதியம் கேட்டால் வேறு எங்கோ காத்திருக்கும் ஆள். காரணத்தையும் நேராகச் சொல்லலாம்: "இன்னொரு இடத்தில் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். ஏற்றுக்கொண்ட பிறகு மாறக் கூடாது என்பதற்காகத் திங்கள் மாலை வரை கேட்கிறேன்." 60 நாள் நோட்டீஸ் முடிந்த பிறகு சேராமல் போகும் ஆட்கள்தான் அந்த ரெக்ரூட்டரின் பெரிய தலைவலி. இந்த வாக்கியம் அவருக்குப் புரியும்.

சரி என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். மெயிலில் உறுதி வாங்குங்கள். ஆஃபரை இணைய லிங்க்கில் ஏற்றுக்கொள்ளும் முறை என்றால் அதன் காலாவதித் தேதியையும் மாற்றச் சொல்லுங்கள். வாயால் தந்த அவகாசம் லிங்க்குக்குத் தெரியாது. அது வெள்ளி மாலையே மூடிக்கொள்ளும்.

ஏற்றுக்கொண்டுவிட்டுக் காத்திருப்பது

நிறையப் பேர் செய்வதுதான். நோட்டீஸ் காலம் நீளமாக இருப்பதால் உடனே எதுவும் உடைவதில்லை. ஆனால் ஏற்றுக்கொண்ட சில நாளிலேயே ராஜினாமா மெயிலின் நகலைக் கேட்பார்கள். நோட்டீஸ் கடிகாரம் ஓடத் தொடங்கும். பெருங்குடி கடைசியில் வந்தால் ஒருவரிடம் வாக்கு மாற வேண்டும். அந்தக் கம்பெனியின் பதிவில் உங்கள் பெயருக்கு எதிரே குறிப்பு விழும், கன்சல்டன்சி வழி போயிருந்தால் அவர்களிடமும். மாறுவது என்று ஆனால், பெருங்குடி லெட்டர் கைக்கு வந்த அன்றே சொல்லிவிடுவது குறைந்த சேதம். சேரும் நாள் காலையில் போனை அணைத்து வைப்பதுதான் மோசமானது.

அந்த வாரம் எப்படி ஓடும்?

செவ்வாய் காலை 10 மணிக்குப் பெருங்குடிக்கு மெயில், 12 மணிக்குப் போன். ஒப்புதல் கலிபோர்னியாவில் நிற்கிறது என்று தெரிகிறது. புதன் காலை சோழிங்கநல்லூரில் திங்கள் வரை அவகாசம் கேட்கிறார். பெருங்குடியிலிருந்து அசைவில்லை என்றால் அன்று மதியமே, நான்கு மணிக்கு முன், மேனேஜருக்கு மெயில் போகிறது. அப்போதுதான் அன்றிரவு அமெரிக்கா விழிக்கும்போது விஷயம் மேஜையில் இருக்கும். வியாழன் மாலை ஒரே ஒரு போன். அதற்கு மேல் கூப்பிட்டால் தொல்லைதான்.

அவகாசம் கிடைக்காமல், வெள்ளி மாலை 4 மணிக்கு "ஓகே ஆகிடுச்சு, லெட்டர் திங்கள்கிழமை வரும்" என்று போனில் சொன்னால்? சம்பள விவரம், பதவி, சேரும் தேதி மூன்றையும் கம்பெனி முகவரியிலிருந்து மெயிலில் கேளுங்கள். ஒப்புதல் உண்மையில் முடிந்திருந்தால் பத்து நிமிட வேலை அது. 5:30 வரை வரவில்லை என்றால் சோழிங்கநல்லூர் லிங்க்கைத் திறந்து ஏற்றுக்கொள்ளலாம்.