யூட்டிலைசேஷன் கணக்கு: மூணு வருஷமா போட்டுப் பாத்ததுல எனக்குத் தெரிஞ்சது

கோயம்புத்தூர் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஈஆர்பி கம்பெனில டெலிவரி பாத்துக்கறேனுங்க. கன்சல்டன்ட் 11 பேரு. கிளையன்ட்டுன்னா திருப்பூர் பனியன் கம்பெனிங்க, பல்லடம் பக்கம் ஸ்பின்னிங் மில்லு, பெருந்துறை சிப்காட்ல ரெண்டு மூணு யூனிட்டு, அப்பறம் இங்கயே பம்பு மோட்டார் பண்றவங்க. 2022 ஜூன்ல இருந்து மாசாமாசம் ஒவ்வொருத்தரோட யூட்டிலைசேஷனும் நாந்தான் போடறேன். சாஃப்ட்வேர் எதுவும் வாங்கல, சாதா ஸ்ப்ரெட்ஷீட்டுதான். இத்தன நாள் போட்டதுல எங்க தப்பு விழுகுதுன்னு இப்பத்தான் ஒரு தெளிவு வந்திருக்கு, இதே வேல பாக்கறவங்களுக்கு ஒதவும்னு எழுதறேன்.

மொதல்ல எங்க கணக்கு எப்படி இருந்துச்சுன்னா, டைம்ஷீட்ல பில்லபிள்னு போட்ட மணி நேரத்த, பில்லபிளும் நான்-பில்லபிளும் கூட்டுன மணி நேரத்தால வகுத்துருவோம். லீவு எதுலயும் வராது. பாக்கறதுக்குச் சரியாத்தான இருக்கு, வேல செஞ்ச நேரத்துல எவ்வளவு நேரத்துக்குக் காசு வருதுன்னுதான கேக்கறோம்? நானும் ரெண்டு வருஷத்துக்கு மேல அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.

2025 ஜனவரி மாசக் கணக்குலதான் மாட்டுச்சு. அந்த மாசம் சனி ஞாயிறு போக 23 நாள் வருது. அதுல 1ஆம் தேதி புது வருஷம், 14, 15, 16 பொங்கல், 26 ஞாயித்துக்கெழமைல விழுந்துருச்சு, அதனால அதக் கழிக்க வேண்டியதில்ல. 23ல 4 போச்சுன்னா 19 நாள், நாளுக்கு 8 மணி நேரம்னா 152 மணி நேரம். கோபி பக்கத்துப் பொண்ணு ஒண்ணு எங்ககிட்ட இருக்குது, பொங்கலோட பூப்பறிக்கற நோம்பி, சொந்தக்காரங்க வீடுன்னு 17, 20, 21 மூணு நாள் லீவு கேட்டுப் போயிருந்துச்சு, அது 24 மணி நேரம். டைம்ஷீட்ல பில்லபிள் 96, நான்-பில்லபிள் 24. எங்க பழைய கணக்குப்படி 96ஐ 120ஆல வகுத்தா 80 சதவீதம். எங்க டார்கெட்டு 75, அதனால பச்சக் கலர்ல வந்துச்சு, நானும் அனுப்பிட்டேன்.

எங்க எம்டி சார் பாத்துட்டு ஒண்ணுதான் கேட்டாரு. "ஏம்மா, இந்தப் புள்ள 16 நாள் ஆபீசுக்கு வந்திருக்குது, பில்லு 12 நாளுக்குத்தான் போயிருக்குது, அப்பறம் எப்படி 80 வரும்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியல. 16ல 12ன்னா 75தான வரணும். உக்காந்து கூட்டிப் பாத்தேன், 96ம் 24ம் லீவு 24ம் சேத்தா 144. ஆனா மாசம் 152. ஒரு நாள், 8 மணி நேரம், எங்கயுமே இல்ல. டைம்ஷீட்டே போடல.

இதுதாங்க நான் சொல்ல வர்றதுல முக்கியமான எடம். கீழ வகுக்கற எண்ண டைம்ஷீட்ல இருந்தே எடுத்தா, டைம்ஷீட்டு போடாதவங்களுக்குப் பர்சன்டேஜ் ஏறும். பில்லபிள்ன்னா எல்லாரும் கரெக்டா போட்டுருவாங்க, ஏன்னா இன்வாய்சுக்கு நாங்க தொரத்துவோம். விட்டுப்போறது எப்பவுமே நான்-பில்லபிள்தான், அது விட்டுப்போகப் போக வகுக்கற எண்ணு சின்னதாகும், ரிசல்ட்டு அழகாத் தெரியும். அதனால கீழ வர்ற எண்ணு காலண்டர்ல இருந்து வரணும், அந்த மாசத்து மொத்த வேல நேரத்துல லீவக் கழிச்சது மட்டும். 152ல 24 போனா 128, 96ஐ 128ஆல வகுத்தா 75. சாரோட மனக்கணக்கும் இதுவும் ஒண்ணாயிருச்சு.

அந்தப் பொண்ணக் கூப்பிட்டுக் கேட்டா, "அக்கா, அன்னிக்கு பல்லடம் மில்லுக்குப் போனேனுங்க்கா, அவங்க ஐட்டம் மாஸ்டர் ரெடி பண்ணவே இல்ல, பொழுதுக்கும் உக்கார வெச்சுட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க, அத எந்த கோடுல போடறதுன்னு தெரியாம விட்டுட்டேன்"ங்குது. பாருங்க, அந்த 8 மணி நேரந்தான் எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயமே. கிளையன்ட் பக்கம் தாமதம்னு தனியா ஒரு நான்-பில்லபிள் கோடு அதுக்கப்பறந்தான் போட்டோம், இப்ப காண்ட்ராக்ட் ரினீவல் பேசறப்போ அந்த கோடோட மொத்தத்த எடுத்துட்டுப் போயி டேபிள்ல வெக்கறோம்.

இப்ப ஷீட்டு எப்படி இருக்குன்னா, பி காலம்ல மாசத்து மொத்த நேரம், சி பில்லபிள், டி நான்-பில்லபிள், ஈ லீவு. பி காலத்த யாரும் கையால அடிக்கக் கூடாது, பொது விடுமுறைத் தேதிங்கள எச் காலம்ல எழுதி வெச்சு இப்படிப் போட்டுருக்கேன்:

```
B2  =NETWORKDAYS(DATE(2025,1,1),DATE(2025,1,31),$H$2:$H$5)*8
F2  =B2-C2-D2-E2
G2  =IF(B2-E2>0, C2/(B2-E2), "")
```

எஃப் காலம்தான் எனக்கு உசுரு. அது பூஜ்யமா இல்லாத வரைக்கும் ஜி காலத்த நான் யாருக்கும் காட்டறதில்ல. ப்ளஸ்ல வந்தா டைம்ஷீட்டு விட்டுப்போயிருக்கு, மைனஸ்ல வந்தா ஓவர்டைம், இல்லாட்டி எதையோ ரெண்டு தடவ எண்ணியிருக்கோம். ஜி-ல ஏன் அந்த ஐஎஃப்னா, பிரசவ லீவுல இருக்கறவங்களுக்கு மாசம் பூராவும் லீவு வரும், வகுக்க ஒண்ணும் இருக்காது, எர்ரர் அடிக்கும். அத காலியாத்தான் விடணும், பூஜ்யம்னு போட்டீங்கன்னா வேலையே செய்யாத ஆளு மாதிரி தெரியும். ஈரோட்டுல ஒரு ஃப்ரெண்டோட கம்பெனில ரெண்டாவது, நாலாவது சனி மட்டுந்தான் லீவு, அவங்களுக்கு `NETWORKDAYS.INTL`ல வார லீவுக்கு 11னு கொடுத்து ஞாயிறு மட்டும் கழியற மாதிரி வெச்சுட்டு, அந்த ரெண்டு சனிக்கெழமையயும் விடுமுறை லிஸ்ட்லயே எழுதிவிடச் சொன்னேன், சரியா வந்துருச்சு.

லீவுல இன்னொரு சிக்கல் இருக்கு. எங்க ஆளுங்க சில பேரு லீவையும் நான்-பில்லபிள் கோடுலயே போட்டுட்டாங்க. பழைய மொறைல அதே பொண்ணோட கணக்க அப்படிப் பாத்தா 96ஐ 144ஆல வகுக்கணும், 66.7 வருது. நோம்பிக்கு ஊருக்குப் போனதுக்கு, சரியான 75ல இருந்து 8 பாயிண்டுக்கு மேல அடி. அதப் பாத்துட்டு மத்தவங்க லீவு போடவே யோசிச்சாங்க, ஒரு பையன் காய்ச்சலோட வீட்ல இருந்துட்டு "வொர்க் ஃப்ரம் ஹோம், டாக்குமென்டேஷன்"னு எழுதியிருந்தான். எனக்கு ரொம்ப வருத்தமாப் போச்சு. கெடைக்க வேண்டிய லீவ எடுத்ததுக்காக ஒருத்தரோட நம்பர் கொறையக் கூடாதுங்க, இதுல நான் யார்கிட்ட வேணா வாதாடுவேன்.

அதுக்காக லீவக் கழிக்காத கணக்கு வேண்டவே வேண்டாம்னு சொல்லல. 96ஐ 152ஆல வகுத்தா 63.2. இது அந்தப் பொண்ணப் பத்தின நம்பர் இல்ல, கம்பெனியப் பத்தினது. லீவு நாளுக்கும் சம்பளம் போகுதுல்ல, அப்ப கிளையன்ட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ரேட்டு சொல்றதுன்னு பாக்கறப்போ 75ஐ வெச்சுக் கணக்குப் போட்டா கையக் கடிக்கும், 63 மாதிரி இருக்கற அந்த நம்பரத்தான் வெக்கணும், அதுவும் ஒரு மாசத்த வெச்சு இல்ல, வருஷம் முழுக்கக் கூட்டி. எங்க ஷீட்ல ரெண்டும் வேற வேற டேப்ல இருக்கு, ஒரே பேரு வெக்கல, பேரு ஒண்ணா இருந்தா மீட்டிங்ல ஆளுக்கொரு நம்பரப் பேசுவாங்க.

அப்பறம் காம்ப்-ஆஃப். திருப்பூர்ல கோ-லைவ்னா பெரும்பாலும் ஞாயித்துக்கெழமதான், கம்பெனி ஓடாத அன்னிக்குத்தான் ஸ்டாக் எண்ணி ஓப்பனிங் பேலன்ஸ் ஏத்த முடியும். போறவங்களுக்கு வேற ஒரு நாள் ஆஃப் கொடுப்போம். அந்த நாள லீவு காலம்ல போட்டா என்ன ஆகும்னு பாருங்க. 152 மணி நேர மாசத்துல ஒருத்தர் ஞாயிறு 8 மணி நேரத்தையும் சேத்து பில்லபிள் 120, நான்-பில்லபிள் 32. காம்ப்-ஆஃப் 8ஐ லீவுன்னு போட்டா 120ஐ 144ஆல வகுப்போம், 83.3. ஆனா அவரு நாள மாத்தித்தான வேல செஞ்சிருக்காரு, நேரம் கூடவும் இல்ல கொறையவும் இல்ல, 120ஐ 152ஆல வகுத்து 78.9ங்கறதுதான் சரி. தப்பாப் போட்டா எஃப் காலம் மைனஸ் 8 காட்டும், சரியாப் போட்டா பூஜ்யம். காம்ப்-ஆஃப் அடுத்த மாசத்துக்குப் போச்சுன்னா மட்டும் இந்த மாசம் மைனஸ் 8, அடுத்த மாசம் ப்ளஸ் 8 வரும், அதுக்கு கமென்ட் எழுதி வெச்சுட்டு ரெண்டு மாசத்தையும் சேத்துப் பாத்துக்குவேன்.

டீம் நம்பர் போடறப்போ ஆளுக்காளு பர்சன்டேஜக் கூட்டி சராசரி எடுக்காதீங்க. ஒருத்தர் மாசம் பூரா லீவு, ரெண்டே நாள் வந்தாரு, 16 மணி நேரமும் பில்லபிள், அவருக்கு 100. இன்னொருத்தர் 152 மணி நேரமும் இருந்து 76 பில்லபிள், அவருக்கு 50. சராசரி 75ன்னு வரும், டார்கெட்ட எட்டிட்டோம்னு நெனப்போம். மணி நேரத்தக் கூட்டிட்டு வகுத்தா 92ஐ 168ஆல, 54.8. ரெண்டாவது ஆளுக்கு வேல பத்தலங்கற விஷயம் அந்த 75க்குள்ள மறைஞ்சே போயிருது. டீம் வரிக்கு நான் போடறது இது:

```
=SUM(C2:C12)/(SUM(B2:B12)-SUM(E2:E12))
```

இதுல தெரியாத ஒண்ணும் இருக்கு. பில்லபிள்னு போட்டா காசு வந்துருச்சுன்னு அர்த்தம் இல்ல. ஃபிக்ஸட் ப்ரைஸ் ப்ராஜெக்ட்ல 200 மணி நேரம்னு பேசிட்டு 260 போனாலும் 260ம் பில்லபிளாத்தான் ஏறும், யூட்டிலைசேஷன் நல்லா இருக்கும், ப்ராஜெக்ட் நஷ்டத்துல ஓடும். அத இன்வாய்ஸ் தொகையோட வெச்சுத்தான் பிடிக்கணும், இந்த ஷீட்டு பிடிக்காது. பெருந்துறை போயிட்டு வர்ற நேரமும் அப்படித்தான், காண்ட்ராக்ட்ல ட்ராவலுக்குக் காசு உண்டுன்னா பில்லபிள், இல்லன்னா நான்-பில்லபிள், போறவங்க இஷ்டத்துக்கு விடக் கூடாது. ப்ராஜெக்ட் ஆரம்பிக்கறப்பவே கோடு லிஸ்ட்ல அத எழுதிக் கொடுத்துடறேன்.

மாச நடுவுல சேர்றவங்களுக்கு மட்டும் பி காலம்ல 1ஆம் தேதிய எடுத்துட்டு சேந்த தேதியப் போடணும். 2025 ஆகஸ்ட்ல 18ஆம் தேதி சேந்த பையனுக்கு அத மாத்த மறந்துட்டு எஃப் காலம்ல 10 நாளு கெடந்துச்சு, அந்த வரி செவப்பா நின்னதுனாலதான் அனுப்பறதுக்கு முன்னாடியே கண்ணுல பட்டுச்சு.