பூட்டிக் கிடந்த வீட்டு பேட்டரி: பல்ஸ் சார்ஜரா, மெதுவான சார்ஜா, பொடியா?

கல்லிடைக்குறிச்சியில் என் சித்தி, மகள் பேறுகாலத்துக்காக மும்பை போனபோது ஈபி மெயினை இறக்கிவிட்டுப் போனார். நல்ல பழக்கம்தான். ஆனால் இன்வெர்ட்டர் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டார். கரண்ட் இல்லாத இன்வெர்ட்டர் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடித்துவிட்டு ஓய்ந்தது. ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, மூன்று வயதான 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி இரண்டும் பத்து நிமிடத்துக்கு மேல் ஃபேன் ஓட்டவில்லை.

"இது போச்சு அண்ணாச்சி, எடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுத்துருங்க" என்றார் பாளை கடைக்காரர். இன்னொருவர் பல்ஸ் சார்ஜர் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்றார். ஒரே வயது, ஒரே நோய், இரண்டு பேட்டரி. ஒன்றுக்கு ஒரு வைத்தியம் என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று இரண்டையும் தார்சாவில் இறக்கி வைத்தேன்.

முதலில், என்ன கெட்டுப்போனது என்று தெரிய வேண்டும். பேட்டரி இறங்கும்போது பிளேட்டில் லெட் சல்பேட் படிவது வழக்கமானதே. சார்ஜ் ஏறும்போது அது கரைந்து, ஆசிட் திரும்பத் தண்ணீருக்குள் வரும். இறங்கிய நிலையிலேயே விட்டுவிட்டால் சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களில் போய்ச் சேரும். பெரிய படிகத்துக்கு மேற்பரப்பு குறைவு, அதனால் கரைவது மிக மெதுவாகும். சல்பேஷன் என்பது இதுதான். அடையாளமும் இருக்கிறது. சார்ஜில் போட்டதும் வோல்டேஜ் மளமளவென்று ஏறும், ஆனால் கரண்ட் உள்ளே போகாது, ஆசிட் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற கிராவிட்டியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லும் சேர்ந்தாற்போல் கீழே நிற்கும். எங்கள் பேட்டரிகளில் 1.090-க்கும் 1.110-க்கும் இடையில் இருந்தது. முழு சார்ஜில் 1.240 இருக்க வேண்டியது.

ஒரு செல் மட்டும் தாழ்ந்து, மற்ற ஐந்தும் நன்றாக இருந்தால் அது ஷார்ட். கிராவிட்டி சரியாக இருந்தும் பேட்டரி நிற்கவில்லை, தண்ணீர் பழுப்பாகக் கலங்கியிருக்கிறது என்றால் பிளேட் உதிர்ந்துவிட்டது. இந்த இரண்டுக்கும் எந்த சார்ஜரும் உதவாது. சல்பேஷன் வைத்தியத்தைப் பழிப்பவர்களில் பாதிப்பேர் இவற்றில் ஏதோ ஒன்றுக்கு அதைச் செய்து பார்த்தவர்களே.

அளவுகோலாக நான் வைத்தது ஹெட்லைட் பல்பு. இரண்டு 55 வாட் பல்பை மாட்டினால் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 10.5 வோல்ட் வரும்வரை எத்தனை மணி நேரம் எரிகிறது என்று பார்த்து, மணியை 9-ஆல் பெருக்கினால் உண்மையான கொள்ளளவு. இன்வெர்ட்டரிலேயே ஒரு நாள் சார்ஜ் ஏற்றிப் பார்த்தபோது இரண்டும் இரண்டரை மணி நேரம்தான் எரித்தன. அதாவது 22 ஏஹெச் சொச்சம்.

முதல் பேட்டரிக்கு மெதுவான சார்ஜ். இன்வெர்ட்டரிலிருந்து கழற்றி, பிளேட் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு, வோல்டேஜும் கரண்டும் திருகி வைக்கும் பவர் சப்ளையில் 16 வோல்ட், உச்சம் 3 ஆம்பியர் என்று வைத்தேன். முதல் மணி நேரம் 0.3 ஆம்பியர்கூடப் போகவில்லை. இரவுக்குள் 1.2 ஆனது. மறுநாள் 3 ஆம்பியரில் போய் முட்டியது. கரண்ட் இப்படித் தானே ஏறுவதுதான் படிகம் கரைவதற்கு அடையாளம். மூன்று நாள் விட்டேன். பேட்டரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, 45 டிகிரியை நெருங்கும்போதெல்லாம் நிறுத்தினேன். நம்மூர் சித்திரை வெயிலில் பகலில் செய்யவே வேண்டாம். ஹைட்ரஜன் வரும் என்பதால் காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. மணிக்கொருமுறை எடுத்த கிராவிட்டி மூன்று தடவை மாறாமல் நின்றதும் நிறுத்தினேன். பல்பு 8 மணி நேரம் எரிந்தது, 72 ஏஹெச். இன்னும் இரண்டு சுற்றுக்குப் பிறகு 95-ல் நின்றது, அதற்கு மேல் அசையவில்லை. ஒரு சுற்றுக்குச் செலவான மின்சாரம் ஐந்து யூனிட் வரும்.

இரண்டாவதற்கு பல்ஸ் சார்ஜர். படிகத்தின் அதிர்வெண்ணில் துடிப்பு கொடுத்து உடைக்கும் என்று டப்பாவில் அச்சடித்திருந்தது. இது எனக்குச் செரிக்கவில்லை. பிளேட்டுக்கும் ஆசிட்டுக்கும் இடையில் இயற்கையாகவே பெரிய மின்தேக்கி ஒன்று இருக்கிறது. மைக்ரோ நொடித் துடிப்பை அது விழுங்கிச் சமப்படுத்திவிடும், படிகத்துக்குப் போவது பெரும்பாலும் சராசரி கரண்ட்தான். அந்தச் சராசரியை அளந்தேன், அரை ஆம்பியர். ஏழு நாள் கழித்துப் பல்பு 5 மணி நேரம் எரிந்தது, 45 ஏஹெச். கிராவிட்டி 1.170. சரி, முன்னேற்றம்தான். ஆனால் அதே பேட்டரியைப் பிறகு 16 வோல்ட் மெதுவான சார்ஜுக்கு மாற்றியதும் மூன்று நாளில் 85 ஆனது. இரண்டு பேட்டரியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் துடிப்பின் மந்திரம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

பேட்டரியிலிருந்தே கரண்ட் எடுத்துத் துடிக்கும் சின்னக் கருவி வேறு கிடைக்கிறது. சார்ஜர் இல்லாமல் அதை மாட்டி வைப்பது வினையை விலைக்கு வாங்குவதுதான். 50 மில்லிஆம்பியர் இழுத்தால்கூட நாளுக்கு 1.2 ஏஹெச், நூறு நாளில் 120.

பேட்டரிக்குள் போடச் சொல்லும் எப்சம் உப்புப் பொடியை நான் போட்டுப் பார்க்கவில்லை, போடவும் மாட்டேன். எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். அதைக் கரைத்தால் தண்ணீர் கனமாகும், ஹைட்ரோமீட்டர் உயரும், பிளேட்டில் எதுவும் நடந்திருக்காது. கூடுதல் சல்பேட் வந்து சேர்வதால் லெட் சல்பேட் கரைவதற்கு அது இடைஞ்சலும்கூட. அமெரிக்காவில் ஏடி-எக்ஸ்2 என்ற பேட்டரி பொடி இதே வகை உப்புதான். அதில் பயன் இல்லை என்று சொன்ன அரசுத் தர நிலையத்தின் தலைவர் ஆலன் ஆஸ்டினை 1953-ல் பதவியை விட்டு இறக்கப் பார்த்தார்கள். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்ததால் அவர் தப்பினார். ஒரு பொடிக்கு அவ்வளவு செல்வாக்கு!

ஆசிட் ஊற்றி கிராவிட்டி காட்டுவதும் அதே ஏமாற்று. மெதுவான சார்ஜ் முடிந்தபோது என் முதல் பேட்டரி 1.215-ல் நின்றது. குறையும் 0.025 எங்கே போனது? இன்னும் கரையாத சல்பேட்டில் சிறைப்பட்டுக் கிடக்கிறது. இந்த பேட்டரியில் முழுதும் இறங்க ஏறத்தாழ 0.120 குறையும் என்று வைத்தால், ஐந்தில் ஒரு பங்கு, 30 ஏஹெச் இன்னும் உள்ளே மாட்டியிருக்கிறது. மீதி இழப்பு மூன்று வருடத் தேய்மானம், அதை மீட்க வழியே இல்லை. வெளியிலிருந்து ஆசிட் ஊற்றினால் இந்தக் கணக்கு முழுவதும் மறைந்துவிடும், பிளேட்டும் சீக்கிரம் அரிக்கும்.

என் கணிப்பில், சில வாரம் மட்டும் இறங்கிக் கிடந்த பேட்டரி மெதுவான சார்ஜில் அநேகமாக முழுதும் தேறும். சில மாதம் என்றால் பாதியிலிருந்து முக்கால்வரை. ஒரு வருடம் தாண்டியதை எடைக்குப் போடுவதே மேல், அந்த இடத்தில் கடைக்காரர் அண்ணாச்சி சொன்னதுதான் சரி. மூடி திறக்காத சீல்டு பேட்டரிக்கு 16 வோல்ட் கொடுக்கவே கூடாது, போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற முடியாது.

சித்தி வீட்டு இரண்டும் இன்று மூன்று ஃபேனும் நான்கு லைட்டும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகின்றன. ஊருக்குப் போகும்போது இன்வெர்ட்டரை அணைத்து, பேட்டரி ஒயரையும் கழற்றி வைக்கிறார் சித்தி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் போய் ஒரு நாள் சார்ஜ் ஏற்றிவிட்டு வருகிறேன்.