மூன்று வருடம் ஓட்டிய சவர்க்கார மொடல்: முதல் பத்து நிமிடம்தான் சோதனை

கிளிநொச்சியில் இரசாயனப் பொறியியல் செய்முறை வகுப்புக்காக ஒரு பேட்ச் ரியாக்டர் மொடலை மூன்று வருடமாகப் பயன்படுத்தி வருகிறேன். தேங்காயெண்ணெயும் கோஸ்டிக் சோடாவும் சவர்க்காரமாக மாறும் அளவை நேரத்தோடு ஒப்பிடுவதுதான் அதன் வேலை. ஒருகாலத்தில் பக்கத்துப் பரந்தனிலேயே ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடா செய்தார்கள். இப்போது நாங்கள் அதைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கிறோம்.

எங்கள் அளவு இதுதான். 100 கிராம் தேங்காயெண்ணெய், அதை முழுதாக மாற்றப் போதுமான 18.3 கிராம் கோஸ்டிக் சோடா, 300 மில்லிலீற்றர் தண்ணீர், 75 பாகை, கலக்கி நிமிடத்துக்கு 300 சுற்று.

முதல் வருடம் பாடப்புத்தகத்து இரண்டாம் வரிசைச் சமன்பாட்டையே போட்டோம். எதைல் அசற்றேற்றுக்கு அது அச்சொட்டாகப் பொருந்தும், ஏனென்றால் அது தண்ணீரில் கரையும். எண்ணெய் கரையாது. 24 நிமிடத்தில் பாதி மாறியிருந்தது. அந்தப் புள்ளிக்குக் கோட்டைப் பொருத்தினால் பத்தாம் நிமிடத்தில் 29 சதவீதம் மாறியிருக்க வேண்டும். ரியாக்டருக்குள்ளோ இன்னும் எண்ணெயும் தண்ணீரும் பிரிந்தே கிடந்தன. மாதிரியில் மிஞ்சிய காரத்தை அளந்துதான் மாற்றத்தைக் கணக்கிட்டோம், அந்த எண்களும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. "சேர், மாற்றம் மைனஸிலை வந்திருக்கு" என்று ஒரு மாணவி தாளைக் கொண்டுவந்து காட்டினாள். அவளுடைய கணக்கில் பிழை இல்லை. தொடக்கத்தில் எடுக்கிற இரண்டு கிராம் மாதிரியில் தண்ணீர்ப் படை கூட வந்துவிட்டால் காரமும் கூட வரும். எடையை நம்பிக் கணக்குப் பார்த்தால் மாற்றம் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும்.

இதற்கு வழி கிடைத்தது ஒரு தவறால்தான். ஒருநாள் பினோப்தலீன் நிறங்காட்டி முடிந்துபோக, ஒரு குழு மெதைல் ஒரேஞ்ச் போட்டு நியமித்தது. அவர்களுக்கு எல்லா நேரத்திலும் மாற்றம் பூச்சியம்! மாதிரியை அமிலத்தில் விட்டதும் சவர்க்காரம் கொழுப்பமிலமாகிவிடும். மெதைல் ஒரேஞ்ச் நிறம் மாறும் இடத்தில் அந்தக் கொழுப்பமிலம் இன்னும் நடுநிலையாகியிராது. ஆகவே அது காரத்தையும் சவர்க்காரத்தையும் சேர்த்தே எண்ணுகிறது. பினோப்தலீனில் நிறுத்தினால் மிஞ்சிய காரம் மட்டும் தெரியும். அன்றிலிருந்து ஒரே குடுவையில் இரண்டு முடிவுப் புள்ளியையும் எடுக்கிறோம்.

பத்தாம் நிமிட மாதிரி ஒன்றைப் பாருங்கள். அது 0.2 M அமிலம் 25 மில்லிலீற்றரில் விடப்பட்டது. 0.1 M காரத்தால் நியமித்தால் அந்த அமிலம் முழுவதற்கும் 50 மில்லிலீற்றர் செல்லும். மெதைல் ஒரேஞ்ச் 26.0 இல் மாறியது, ஆகவே மாதிரியிலிருந்த மொத்தக் காரம் 24.0. பினோப்தலீன் 28.4 இல் மாறியது. இடைவெளியான 2.4 தான் சவர்க்காரம். 2.4 / 24.0, அதாவது 10 சதவீதம். இங்கே எடை தேவையே இல்லை. பழைய முறையில் இதே மாதிரி ஒன்றரை சதவீதம்கூடக் காட்டியிராது. ஒரு கவனம்: கொழுப்பமிலத்தைக் கரைக்கும் நடுநிலை அற்ககோலை முதல் முடிவுப் புள்ளி தாண்டிய பிறகே ஊற்றுங்கள். முன்பே ஊற்றினால் மெதைல் ஒரேஞ்சின் நிற மாற்றம் குழம்பிவிடும். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் போதும், பிறகு மங்கினால் அது மாதிரியில் மிஞ்சிய எண்ணெய் மெல்ல மாறுவது.

நம்பத்தக்க புள்ளிகள் கைக்கு வந்ததும் வளைவு S வடிவம் என்பது தெளிவாகத் தெரிந்தது. உண்டான சவர்க்காரமே எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு சேர்க்கிறது. மொடலில் அதற்கு ஒரு உறுப்பைச் சேர்த்தேன்:

```
X, t, dt = 0.0, 0.0, 0.1
k1, k2 = 0.004, 0.20
while t < 45:
    X += (k1 + k2*X) * (1 - X)**2 * dt
    t += dt
print(X)
```

இங்கே X மாறிய பங்கு, t நிமிடம், k1 சவர்க்காரம் இல்லாதபோது நடக்கும் மெல்லிய வேகம், k2 சவர்க்காரம் கொடுக்கிற உதவி. 10 நிமிடத்தில் 10 சதவீதம், 24 இல் 50, 45 இல் 80. பழைய கோடு 45 இல் 65 தான் சொல்லியிருந்தது.

பொருந்துகிறது என்பதற்காகவே நம்பிவிடக் கூடாதென்று ஒரு சோதனை செய்தோம். முந்தின வாரச் சவர்க்காரம் 2 கிராமைத் தொடக்கத்திலேயே போட்டோம். k2 உடன் X க்குப் பதிலாக X + 0.02 வைத்தால், 10 சதவீதம் ஏழு நிமிடத்துக்குள் வரும் என்றது மொடல். போட்ட சவர்க்காரத்தைக் கழித்துப் பார்த்தபோது ஏழாம் நிமிடத்தில் வந்தது. அன்று எனக்கு உண்மையாகவே பெரிய சந்தோசம்.

80 சதவீதத்துக்கு மேல் இந்த மொடலை நான் பாவிப்பதில்லை. கலவை தடித்து, கலக்கி திணறத் தொடங்கும், அளந்த புள்ளிகள் கோட்டுக்குக் கீழே இறங்கும். k2 வேதியியல் மாறிலியும் அல்ல. 500 சுற்றுக்கு ஏற்றினால் அது கூடிவிடும், ஆகவே எங்கள் தாளில் k2 எழுதும் ஒவ்வொரு இடத்திலும் பக்கத்திலேயே சுற்று வேகமும் எழுத வேண்டும்.