பதிவேட்டில் யார் பெயர்? வங்கத்தின் பர்காவும் காவிரி டெல்டாவின் குத்தகையும்

சிறு விவசாயி நிலத்தை ஏன் இழக்கிறார் என்று கேட்டால் கடன், வறட்சி, மகள் கல்யாணம் என்று பதில் வரும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அடுத்தவர் நிலத்தில் உழுபவருக்கு அதற்கு முன்பே ஒரு கேள்வி காத்திருக்கிறது: "நீ இங்கே பயிர் செய்கிறாய் என்பதற்கு என்ன ஆதாரம்?" இந்தக் கேள்வியை மேற்கு வங்கம் ஒரு விதமாகவும் தமிழ்நாடு வேறு விதமாகவும் கையாண்டன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சட்டம் எழுதப்பட்ட காகிதத்தைவிட அதைக் கையில் எடுத்துக்கொண்டு யார் எங்கே போனார்கள் என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது.

தமிழ்நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், விளைச்சலில் நிலக்காரருக்குப் போகும் பங்கான வாரத்துக்கு 1956-இல் நியாய வாரச் சட்டம், 1969-இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். நிலத்துக்கு உச்சவரம்பு 1961-இல், மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் 30 தர ஏக்கராக இருந்து, 1970-இல் 15 ஆகக் குறைந்தது. நன்செயில் விளைச்சலில் 40 சதவீதமாக இருந்த வாரம் 1980-இல் 25 சதவீதமாக இறங்கியது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 30 மூட்டை நெல் விளைகிறது என்று வையுங்கள். சட்டப்படி நிலக்காரருக்கு ஏழரை மூட்டை. வாய்ப்பேச்சில் 12 மூட்டை என்று முடிவாகியிருந்தால் ஒவ்வொரு போகத்திலும் நாலரை மூட்டை கூடுதலாகப் போகிறது. வழக்குப் போடலாமே என்றால், குத்தகைதாரர் என்று காட்ட அவரிடம் ரசீது கிடையாது. களத்திலேயே அளந்து கொடுத்துவிட்டார். அவரிடம் இருப்பது எத்தனை மூட்டை கொடுத்தோம் என்று மகன் எழுதிவைத்த பள்ளிக்கூட நோட்டு ஒன்றுதான். பதிவேட்டில் பெயர் ஏறவில்லை என்றால் அவரே மனு எழுதி, நிலக்காரரின் ஆட்சேபணையைத் தாண்டி நிரூபிக்க வேண்டும். மனு கொடுத்த விஷயம் ஊருக்குத் தெரிந்தால் அடுத்த போகத்துக்கு நிலம் வேறு கைக்குப் போய்விடும். அதனால் பலர் மனுவே கொடுப்பதில்லை. இது அறியாமை இல்லை, வயிற்றுக்கான கணக்கு.

வங்கம் இந்த இடத்தில்தான் வேறு வழியில் போனது. 1977-இல் திருத்தப்பட்ட சட்டம், அடுத்தவர் நிலத்தில் பயிர் செய்பவரைப் பர்காதார், அதாவது வாரக்குடி என்றே கருத வேண்டும் என்றது. இல்லை என்று நிரூபிப்பது நிலக்காரர் பாடு. பர்காதார்களின் பெயரைப் பதிய 1978-இல் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா'வில் அதிகாரிகள் கிராமத்துக்கே வந்தார்கள். வயல் வேலை முடிந்து மாலையில் பர்காதார்கள் கூட்டமாக உட்கார, பெயர்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்பட்டன. அப்புறம் வயலில் நேரில் சரிபார்த்தார்கள். நிலக்காரர் வீட்டுத் திண்ணையில் தனியாக நின்று வாய் திறக்காதவர், நாற்பது பேர் நடுவில் "நான்தான் உழுகிறேன்" என்றார். அதே ஆண்டு நடந்த பஞ்சாயத்துத் தேர்தலும் விவசாய சங்கமும் அவர்களுக்குப் பின்னால் நின்றன. சுமார் 14 லட்சம் பேர் பதிவானார்கள். விதை, உரம், மாடு எல்லாம் நிலக்காரர் கொடுத்தால் பாதிக்குப் பாதி, இல்லையென்றால் முக்கால் பங்கு பர்காதாருக்கு. முன்பு சொல்லிப் பார்க்கக்கூட முடியாத அந்தப் பங்கை, பதிவான பிறகு பலர் கேட்டே வாங்கினார்கள்.

என் பார்வையில் வங்கத்தின் வழியே மேல். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பர்கா உரிமை பிள்ளைகளுக்கு இறங்கும். நிலம் மட்டும் சொந்தமாகாது. பாகம் பிரியப் பிரியத் துண்டு சிறுத்துக்கொண்டே போகும். கேரளம் 1970-இல் இன்னும் ஒரு படி மேலே போய், குத்தகைதாரருக்கு நிலத்தையே சொந்தமாக்கியது. ஆனால் அங்கேயும் வயலில் கூலிக்கு இறங்கியவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் குடியிருந்த மனைதான். கிராமத்தில் பத்து சென்ட்.

பதிவு எவ்வளவு கனமானது என்பதை 2006-இல் வங்கத்தின் சிங்கூர் காட்டியது. கார் தொழிற்சாலைக்கு நிலம் எடுத்தபோது பதிவான பர்காதாருக்கு நில விலையில் 25 சதவீதம் இழப்பீடு என்று தீர்மானித்தார்கள். பக்கத்து வயலில் அதே போல உழுதும் பெயர் ஏறாதவர் அந்தப் பட்டியலில் இல்லை.

டெல்டாவில் இன்றும் இதே கதை வேறு உருவத்தில் நடக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கு, எந்த வயலில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் அடங்கல் வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து வேண்டும். அடங்கலில் நிலக்காரர் பெயர் இருந்தால் வெள்ள இழப்பீடும் அந்தப் பெயருக்கே போகும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் உதவியும் நிலம் பெயரில் உள்ளவருக்குத்தான். நாற்று நட்டுத் தண்ணீர் கட்டியவர் போட்ட முதலை இழந்து, அடுத்த போகத்துக்குத் தனியாரிடம் வட்டிக்கு வாங்குகிறார். இரண்டு போகம் இப்படிப் பொய்த்தால் குத்தகையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறுகிறார். அவர் விட்டுப்போனதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.