பார்சலுக்கு 73 ரூபா என்றார்கள், போனது 97,350 ரூபா: ஓடிபி மெசேஜை முழுசாக வாசியுங்கள்

களுவாஞ்சிக்குடியில் இருக்கிற எங்கட மாமியின் கணக்கில் இருந்து 97,350 ரூபாவை உருவி எடுத்துவிட்டார்கள். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதுகிறேன், இன்னொரு வீட்டில் இது நடக்கக்கூடாது.

கட்டாரில் இருக்கிற மகன் பார்சல் போட்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் “முகவரி சரியில்லை, பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது” என்று ஒரு மெசேஜும் லிங்கும் வந்தன. திறந்தால் தபால் சேவையின் சின்னம், பார்சல் இலக்கம், கட்டவேண்டியது வெறும் 73 ரூபா. 73 ரூபாவுக்கு யார் யோசிப்பார்கள்? மாமி கார்ட் இலக்கம், முடிவுத் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் போட்டார். உடனே வங்கியில் இருந்து ஓடிபி வந்தது. குறியீட்டையும் கடையின் பெயரையும் மறைத்துத் தருகிறேன்:

```
****** is your OTP for AED 1,150.00 at ******* DUBAI AE. Do not share.
```

இதில் 73 ரூபா எங்கே? தபால் எங்கே? AED என்பது துபாய்க் காசு, திர்ஹம். 1,150 திர்ஹத்தை வங்கி தன் மாற்று வீதத்தில் கழித்தபோதுதான் 97,350 ரூபா ஆனது.

நடந்தது இதுதான். அந்தப் பக்கத்துக்கும் வங்கிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மாமி இங்கே தட்டிய கார்ட் விபரத்தை அங்கே ஒருவன் உண்மையான ஒரு கடையின் தளத்தில் அப்படியே தட்டுகிறான். அந்தக் கடை வங்கியைக் கேட்கிறது, வங்கி மாமிக்கு ஓடிபி அனுப்புகிறது. மாமி அதைப் போலிப் பக்கத்தில் போட, அவன் எடுத்துக் கடையில் போடுகிறான். போலிப் பக்கத்தில் என்ன தொகையையும் எழுதலாம், ஆனால் வங்கியின் மெசேஜில் அவனால் கை வைக்க முடியாது. அந்தக் குறியீடு அதில் எழுதியிருக்கிற கடைக்கும் தொகைக்கும் மட்டும்தான் செல்லும். கழியப்போவது எவ்வளவு என்ற உண்மை அந்த ஒரு வரியில் மட்டும்தான் இருக்கிறது.

பிறகு ஏன் கண்ணில் படவில்லை? மெசேஜ் வங்கியின் வழமையான பெயரில், பழைய மெசேஜ்களுக்குக் கீழேயே வந்தது. அதனால் நம்பிக்கை கூடியது. குறியீடு முதலில் இருப்பதால் போனின் மேலே எட்டிப்பார்க்கும் துண்டில் அதுதான் தெரியும், தொகையும் கடையும் வெட்டுப்பட்டுப் போகும். போதாக்குறைக்கு கீபோர்டே குறியீட்டை எடுத்து நீட்டுகிறது, ஒரு தட்டுத் தட்டினால் போதும். மெசேஜைத் திறக்கவே தேவையில்லை.

அதோடு விடவில்லை. “குறியீடு பிழை, மீண்டும் முயற்சிக்கவும்” என்று பக்கம் சொன்னது. இரண்டாவது ஓடிபி வந்தது, அதில் வேறொரு தொகை. கணக்கில் மிச்சம் போதாததால்தான் அது தப்பியது.

வங்கியின் அவசர இலக்கத்துக்கு எடுத்தால் “ஓடிபி போட்டது நீங்கள்தானே அம்மா” என்ற ஒரே பதில். கிளைக்குப் போனால் “அவசர இலக்கத்துக்கு எடுங்கள்”. ஓடிபி சரியாகப் போடப்பட்டால் வாடிக்கையாளரே அனுமதித்ததாக எடுத்துக்கொள்கிறார்கள், கடையும் பொறுப்பில் இருந்து கழன்றுவிடுகிறது. 97,350 ரூபா, ஒரு வயது போன மனுசி சேர்த்த காசு, ஆளுக்காள் கை காட்டுகிறார்கள்!

நீளமாக எழுதப் பொறுமை இல்லை. ஓடிபி வந்தால் மெசேஜைத் திறந்து தொகை, நாணயம், கடை மூன்றையும் பாருங்கள். LKR வரவேண்டிய இடத்தில் AED, USD என்று வேறு எழுத்து இருந்தால் நிறுத்துங்கள். கடையின் பெயர் சிலவேளை காசு வாங்கித் தரும் இடைநிறுவனத்தின் பெயராக வரும், அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆனால் தொகை பொருந்தாவிட்டால் அந்த இடத்திலேயே பக்கத்தை மூடுங்கள்.

தொகையே இல்லாமல் கார்டை ஒரு போனில் சேர்ப்பதாக ஓடிபி வந்தால் அது இன்னும் மோசம், அந்தப் போனில் இருந்து திரும்பத் திரும்ப எடுப்பார்கள். உங்கள் கணக்குக்குக் காசு வருவதற்கு ஓடிபி தேவையே இல்லை, அப்படிச் சொல்லிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கார்ட் விபரம் கொடுத்துவிட்டீர்களா? ஓடிபி போடாவிட்டாலும் கார்டை நிறுத்துங்கள், ஓடிபி கேட்காத கடைகளும் இருக்கின்றன. போட்டுவிட்டால் கார்டின் பின்னாலிருக்கும் இலக்கத்துக்கு அந்த நிமிடமே எடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள், மெசேஜை அழிக்காதீர்கள். வங்கி கை விரித்தால் எழுத்தில் பதில் கேட்டுவிட்டு மத்திய வங்கியின் 1935 க்கு எடுங்கள்.