ஆப்ரிகாட் பருப்பா, எல்டர்பெர்ரியா?

கொழிஞ்சாம்பாறையில் என் அத்தை, புற்றுநோய்க்கு நல்லது என்று யாரோ சொன்ன கசப்பு ஆப்ரிகாட் பருப்பு ஒரு பொட்டலமும், மகன் அனுப்பிய, எல்டர்பெர்ரி என்ற உலர்ந்த சிறு பழமும் வைத்துக்கொண்டு, எதைத் தின்னலாம் என்று கேட்டார். மரவள்ளியை வேகவைத்து நீரை வடிப்பவர் அவர். அதற்கான காரணம்தான் இந்த இரண்டிலும் இருக்கிறது, சயனைடு.

நஞ்சு
பருப்பு: கசப்பே அமிக்டாலின். மென்றாலோ அரைத்தாலோ அதிலிருந்து சயனைடு பிரியும்.
எல்டர்பெர்ரி: சயனைடு தரும் பொருள் இலை, தண்டு, பச்சைக் காயில் அதிகம், பழுத்ததில் குறைவு.

அளவு
பருப்பு: பெரியவர்களுக்கே மூன்று சிறிய பருப்புக்கு மேல் பாதுகாப்பு எல்லை தாண்டும் என்றது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் (2016). சிறு குழந்தைக்கு ஒன்றே மிகுதி. 'வைட்டமின் பி17' என்று விற்கிறார்கள்; அது வைட்டமினே அல்ல, புற்றுநோயைக் குணப்படுத்துவதாக நிரூபணமும் இல்லை.
எல்டர்பெர்ரி: 1983இல் கலிபோர்னியாவில் இலை, கிளையோடு நசுக்கிய, கொதிக்கவைக்காத சாறு குடித்த 11 பேர் வாந்தியும் வயிற்றுவலியுமாகத் துடித்தார்கள். ஐந்து குவளை குடித்தவர் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. அனைவரும் பிழைத்தார்கள்.

சமைத்தால்
பருப்பு: வீட்டில் வறுப்பதை நம்ப முடியாது.
எல்டர்பெர்ரி: காம்பு நீக்கி, பழுத்ததை நன்றாகக் கொதிக்கவைத்தால் பாகு செய்யலாம்.

பாகு வேண்டுமென்றால் கொதிக்கவைத்த எல்டர்பெர்ரி. பருப்பு எதற்கும் வேண்டாம். அத்தையின் பொட்டலத்தை நானே குழிதோண்டிப் புதைத்தேன். தின்றபின் தலைவலி, தலைச்சுற்றல், மூச்சிரைப்பு வந்தால் பொட்டலத்தோடு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.